1000 நியூட்டன் ராடு இருக்கும் ஹைட்ராலிக் கட்டிலில் 8 இன்ச் லேடெக்ஸ் மெத்தை போடலாமா?

நூல்மில் மீனா | மே 4, இரவு 9.50

திருப்பூரில் எங்கள் வீட்டுக் கட்டில் தச்சர் செய்தது. அளவு 78க்கு 60 இன்ச். தலைமாட்டில் கீல், கால்மாட்டைப் பிடித்துத் தூக்கினால் மொத்தப் பலகையும் மேலே எழும்பும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கேஸ் ஸ்ட்ரட் இருக்கின்றன. இரண்டின் மேலும் ஒட்டியிருக்கும் சீட்டில் 1000 நியூட்டன் என்று போட்டிருக்கிறது. இப்போது கிடப்பது 5 இன்ச் கயிற்று நார் மெத்தை. அதை மாற்றி 8 இன்ச் லேடெக்ஸ் வாங்க ஆசை. மெத்தைக் கடைக்காரரிடம் எடை கேட்டேன். "மெத்தைக்கு யாருங்க எடை பார்ப்பார்கள்?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். இந்த ராடு தாங்குமா, மாற்ற வேண்டுமா? மெத்தைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் தெரிய வேண்டும்.

கணக்குப்புலி | மே 4, இரவு 10.15

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 1000 நியூட்டன் என்றால் ஏறக்குறைய 100 கிலோ. இரண்டு ராடு, 200 கிலோ. எந்த மெத்தையும் 200 கிலோ இருக்காது. தைரியமாக வாங்குங்கள்.

பாத்திரக்கடை | மே 4, இரவு 10.40

தாங்காது சகோதரி. எங்கள் கட்டிலுக்குள் பித்தளை அண்டா, குத்துவிளக்கு, மாமியாரின் சீர்வரிசைப் பாத்திரங்கள் எல்லாம் அடைத்து வைத்தோம். ஆறே மாதத்தில் அடிப்பலகை தொங்கிவிட்டது. உள்ளே துணிமணி மட்டும் வையுங்கள்.

நூல்மில் மீனா | மே 4, இரவு 10.55

உள்ளே வைக்கும் சாமானை ராடு தூக்குவதில்லையே, அது தரையோடு கிடக்கிறது. நான் கேட்பது மேலே கிடக்கும் மெத்தையைப் பற்றி. ஆனாலும் அண்டாவை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

கணக்குப்புலி சார், 200 கிலோ தூக்கும் என்றால் இப்போதிருக்கும் லேசான மெத்தையோடு பலகை தானாகப் பறந்திருக்க வேண்டுமே? எங்கள் வீட்டில் முதல் அரை அடியை நான் மூச்சுப் பிடித்துத் தூக்கினால்தான் பிறகு அது ஏறுகிறது.

இழைப்புளி | மே 5, காலை 6.20

கோவையில் கட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். அம்மா கேட்டிருப்பதுதான் சரியான கேள்வி.

ராடு தள்ளுவது 100 கிலோ பலத்தோடுதான். ஆனால் எங்கே நின்று தள்ளுகிறது என்று பாருங்கள். மெத்தையின் பாரம் கீலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, கட்டிலின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. ராடோ கீலுக்குப் பக்கத்திலேயே நின்று தள்ளுகிறது. கட்டில் மூடியிருக்கும்போது ராடு கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருப்பதால் அதன் பலத்தில் பெரும்பகுதி நீளவாக்கில் வீணாகிவிடும். பலகை எழ எழ ராடு நிமிரும், அப்போதுதான் பிடி கிடைக்கும். மூச்சுப் பிடித்துத் தூக்கும் அந்த அரை அடி இதனால்தான். அது குறை இல்லை, கட்டில் மூடியே கிடக்க அது வேண்டும்.

அளவெடுத்துச் சொல்லுங்கள். கீலின் மையத்திலிருந்து ராடு போகும் கோட்டுக்கு நேர் குறுக்காக எத்தனை சென்டிமீட்டர்? மூடிய நிலையில் ஒன்று, முழுக்கத் திறந்த நிலையில் ஒன்று. ராட்டின் மேல் ஒரு நூலைப் பிடித்துக் கீல் பக்கம் நீட்டி, மூலைமட்டம் வைத்தால் வந்துவிடும். மூடிய நிலையை உள்ளேயிருந்து பார்க்க முடியாது. பலகையை மூடி, ராட்டின் இரண்டு முனையும் வரும் இடத்தைப் பக்கப் பலகையின் வெளியே சாக்பீஸில் குறித்துக்கொள்ளுங்கள். பலகையில் எந்தத் தடிமன் பிளைவுட், அடியில் இரும்புச் சட்டம் உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

கணக்குப்புலி | மே 5, காலை 8.05

நான் சொன்னது ராட்டின் திறனை. கட்டிலின் அமைப்பு வேறு விஷயம்.

நூல்மில் மீனா | மே 5, இரவு 9.10

வீட்டுக்காரர் டார்ச் பிடிக்க, நான் அளந்தேன். மூடிய நிலையில் 15 சென்டிமீட்டர், திறந்த நிலையில் 30. முழுக்கத் திறந்தால் பலகை 40 டிகிரி சாய்வில் நிற்கிறது (பையனின் பாகைமானி). 12 மில்லிமீட்டர் பிளைவுட், அடியில் சதுரக் குழாயில் இரும்புச் சட்டம். பலகையும் சட்டமும் 32 கிலோ என்று தச்சரின் பழைய பில்லில் இருக்கிறது. அவர் அப்படி ஒரு மனிதர், எடை போட்டுத்தான் கூலி கேட்பார்.

பழைய மெத்தையையும் எடை போட்டேன். குறுகிய பக்கம் கீழே வரும்படி நிறுத்தி, உடல் எடை பார்க்கும் மெஷின் மேல் ஒரு பலகைத் துண்டு வைத்து, அதன் மேல் ஏற்றி, விழாமல் ஒரு விரலால் மட்டும் தாங்கிக்கொண்டால் போதும். பலகைத் துண்டைக் கழித்து 29 கிலோ.

இழைப்புளி | மே 6, காலை 6.05

நல்லது. கணக்கைக் கிலோவிலேயே போடுகிறேன், நியூட்டன் வேண்டாம்.

இப்போது: பலகை 32, மெத்தை 29, தலையணை போர்வை 5. மொத்தம் 66 கிலோ. கீலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருப்பதால் மூடிய நிலையில் கீழே இழுப்பது 66. ராட்டை அமுக்க அமுக்க உள்ளிருக்கும் வாயு நெருங்கிப் பலம் கூடும். சீட்டில் போட்டிருப்பது நீட்டிய நிலையின் பலம். மூடியிருக்கும்போது அதைவிடக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அதிகம். 130 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ராடு, 260, அதை 0.15 மீட்டரால் பெருக்கினால் 39. மீதி 27ஐ நீங்கள் தூக்க வேண்டும். நீங்கள் பிடிப்பது கால்மாட்டில், இரண்டு மீட்டர் தள்ளி. ஆகவே உங்கள் கைக்கு வருவது 13, 14 கிலோ.

திறந்த நிலை: 40 டிகிரி சாய்வில் அதே 66ன் இழுப்பு 50 ஆகிவிடும். ராடு தருவது 200ஐ 0.30ஆல் பெருக்கினால் 60. பத்து மிச்சம், அதனால் நிற்கிறது.

இனி 8 இன்ச் லேடெக்ஸ். உங்கள் அளவில் ஒரு இன்ச் தடிமனுக்கு ஏறக்குறைய ஆறரை கிலோ வரும், ஒரு கன மீட்டருக்கு 85 கிலோ அடர்த்தி என்று எடுத்தால். 8 இன்ச்சுக்கு 52. மொத்தம் 89. திறந்த நிலையில் இழுப்பு 68, ராடு தருவது அதே 60. நிற்காது. உள்ளே தலையை விட்டுப் போர்வை எடுத்துக்கொண்டிருக்கும்போது மெதுவாக இறங்கி வந்து முதுகில் உட்காரும்.

நூல்மில் மீனா | மே 6, காலை 7.30

முதுகில் உட்காரும் என்றதும் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். போர்வை எடுப்பது அவர் வேலை.

ஓய்வு ஆசிரியர் | மே 6, பகல் 11.20

இழைப்புளி ஐயாவின் கணக்கு மெத்தைக்குத் தடிமனே இல்லை என்று வைத்துப் போடப்பட்டது. 8 இன்ச் மெத்தையின் பாரமையம் பலகைக்கு மேலே 10 சென்டிமீட்டரில் இருக்கும். பலகை சாயும்போது அந்த உயரம் பாரத்தைக் கீல் பக்கமாக 6 சென்டிமீட்டர் நகர்த்திவிடும். 52 கிலோவுக்கு அது 3 குறைவு. 68 அல்ல, 65.

இழைப்புளி | மே 6, பகல் 1.15

சரி ஐயா, 65. அப்போதும் 60ஐவிட அதிகம்தானே, கீழேதான் வரும்.

ஓய்வு ஆசிரியர் | மே 6, பகல் 1.40

வரும். கீலின் உராய்வு கொஞ்சம் பிடிக்கும், அதனால் மெதுவாக வரும்.

கொடைவாசி | மே 6, மாலை 4.00

எங்கள் வீட்டிலும் இதே கதை. கொடைக்கானலில் டிசம்பரில் கட்டில் திறந்தால் நிற்காது, ஏப்ரலில் நிற்கும். கடைக்காரர் ராடு கெட்டுவிட்டது என்கிறார். குளிருக்கு ராடு செத்துவிடும் என்பதுதான் என் அனுபவம். திருப்பூர்க்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இழைப்புளி | மே 6, இரவு 8.30

பாதி சரி. உள்ளே இருப்பது நைட்ரஜன் வாயு, குளிர்ந்தால் அழுத்தம் குறையும். ஆனால் ஒரு டிகிரிக்கு நூற்றில் மூன்றில் ஒரு பங்குதான். 30 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் இடையே மொத்தமே ஏழு சதவீதத்துக்குள். அந்த ஏழு சதவீதத்துக்கே உங்கள் கட்டில் விழுகிறது என்றால், ஏப்ரலிலும் அது விளிம்பில்தான் நிற்கிறது என்று அர்த்தம். ராட்டின் வெள்ளைக் கம்பியைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மறுபடி மறுபடி வந்தால் சீல் போய்விட்டது. துணி சுத்தமாக இருந்தால் மெத்தை கனம், அல்லது ராடு போதாது.

கொடைவாசி | மே 6, இரவு 9.00

துணி சுத்தமாகத்தான் இருக்கிறது. போன வருடம் மெத்தைக்கு மேல் ஒரு டாப்பர் வாங்கிப் போட்டோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இழைப்புளி | மே 6, இரவு 9.05

உண்டு அம்மா.

நூல்மில் மீனா | மே 7, காலை 10.30

ஆசிரியர் ஐயாவையும் பட்டறை அண்ணனையும் நம்பாமல் இல்லை. ஆனாலும் கணக்கைவிடக் கண் முன்னே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. புது மெத்தைக்கும் பழையதற்கும் வித்தியாசம் 23 கிலோ. வீட்டில் 25 கிலோ அரிசி மூட்டை பிரிக்காமல் இருக்கிறது. அதைக் கட்டிலின் நீளத்துக்குச் சரிபாதியில் குறுக்காகப் படுக்க வைத்து, பலகையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டித் தூக்கிப் பார்த்தால் 8 இன்ச் மெத்தை வந்தபின் நடக்கப் போவது இன்றைக்கே தெரிந்துவிடாதா?

இழைப்புளி | மே 7, பகல் 12.10

தெரியும். என் பட்டறையில் மணல் சாக்கு வைத்துச் செய்வதும் இதுதான். ஒற்றைக் கீலோ, நாலு கை மடங்கும் இரும்பு மெக்கானிசமோ, எதுவானாலும் இந்தச் சோதனை பொய் சொல்லாது. இரண்டு எச்சரிக்கை. மூட்டை வழுக்கித் தலைமாட்டுக்குப் போய்விட்டால் சோதனை பயனில்லை, இறுக்கிக் கட்டுங்கள். பலகைக்குக் கீழே யாரும் கை வைக்கக் கூடாது, இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும். பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு இருந்தால் கால்மாட்டுப் பிடியில் மாட்டி, மூடிய நிலையிலிருந்து பலகை அசையும்போது என்ன காட்டுகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

நூல்மில் மீனா | மே 8, இரவு 9.20

செய்துவிட்டோம். கொக்கித் தராசு நாத்தனார் வீட்டிலிருந்து வந்தது. மூட்டை இல்லாமல் 14 கிலோ, மூட்டையோடு 26. அண்ணனின் கணக்கு அரைக் கிலோ பிசகவில்லை.

திறந்த நிலையில்தான் வேடிக்கை. மேலே கொண்டுபோய் நிறுத்திக் கையை எடுத்தோம். ஒரு கணம் நின்றது. "பார், நிற்கிறது" என்று வீட்டுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் கால்மாட்டு விளிம்பு நடுங்க ஆரம்பித்து, முதலில் விரல் அளவு, அப்புறம் ஒரு சாண், பிறகு வேகம் பிடித்து இறங்கிவிட்டது. மாமியார் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "அரிசியை எதற்கு ஊஞ்சல் ஆட்டுகிறீர்கள்?" என்று கேட்டார்.

ஆகவே 1000 போதாது. கடையில் 1200ம் 1500ம் கிடைக்கின்றன. விலை வித்தியாசம் அதிகமில்லை, 1500 வாங்கிப் போட்டுவிட்டால் நிம்மதி இல்லையா?

கணக்குப்புலி | மே 8, இரவு 9.45

1500தான். பெரியதாகப் போட்டால் கவலை இல்லை. எதிலுமே கூடுதலாக இருப்பது நல்லதுதானே.

அடுக்ககவாசி | மே 8, இரவு 10.30

அப்படிப் பெரியதாகப் போட்டவன் நான். எங்கள் கட்டில் கடையில் வாங்கியது, பக்கப் பலகை மரத்தூள் பலகை. ராடு தளர்ந்ததும் ஒரு பழுது பார்ப்பவர் கூடுதல் பலத்தில் ஜோடி மாட்டினார். கொஞ்ச நாளில் இடது பக்கத் தகடு திருகுகளோடு பிய்ந்து வந்தது. திருகு இருந்த இடத்தில் பலகை மாவாகக் கொட்டியது. அதன்பின் ஒரு பக்கம் மட்டும் தூக்கி, மேல் பலகை முறுக்கிக்கொண்டது. இப்போது நாங்கள் தரையில் படுக்கிறோம். முதுகுக்கு நல்லது என்கிறார்கள்.

இழைப்புளி | மே 9, காலை 6.30

அடுக்ககவாசி தம்பி சொன்னதை எல்லோரும் கவனியுங்கள். கட்டில் மூடியிருக்கும் நேரமெல்லாம் ராடு தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. 1200 ராடு மூடிய நிலையில் ஒவ்வொரு பக்கத் தகட்டையும் 150 கிலோவுக்கு மேல் தள்ளும், இரவும் பகலும். மரத்தூள் பலகையில் திருகு மட்டும் போட்டால் பிய்யத்தான் செய்யும். பிளைவுட்டானாலும் துளை ஊடுருவி, பின்பக்கம் வாஷர் வைத்து போல்ட் போட வேண்டும்.

1500 வேண்டாம் என்பதற்கு இன்னும் இரண்டு காரணம். மீனா அம்மா கட்டிலில் 8 இன்ச் மெத்தையோடு 1500 போட்டால் திறந்த நிலையில் ராடு தருவது 90, பாரம் 65. மூடத் தொடங்குவதற்கே கால்மாட்டைப் பிடித்து 12 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். அந்த விளிம்பு அப்போது தரையிலிருந்து ஐந்து அடிக்கு மேல் இருக்கும். வீட்டில் குள்ளமானவர் யார்?

நூல்மில் மீனா | மே 9, காலை 7.00

மாமியார். பகலில் கட்டிலைத் திறப்பதும் அவர்தான்.

இழைப்புளி | மே 9, காலை 7.25

அவர் தொங்கத்தான் வேண்டும்.

இன்னொரு காரணம் ஆபத்தானது. மூடிய நிலையில் மெத்தையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது 32 கிலோ பலகை மட்டும். உங்கள் 1000 ராடே மூடிய நிலையில் 39 தருகிறது என்று பார்த்தோம். அதாவது இப்போதே, மெத்தையை எடுத்ததும் பலகை தானாக எழும். 1500 ஆனால் 58, பலகை துள்ளும். மெத்தையை எடுப்பதானால் கட்டிலை முதலில் முழுக்கத் திறந்துவிட்டு, பிறகு எடுங்கள். புது மெத்தை போடுவதும் அப்படியே. மெத்தை இல்லாமல் அமுக்கி மூடப் பார்க்காதீர்கள். புதுக் கட்டில் மாட்டித் தரும் பையன்கள் மெத்தை வருமுன் பலகை மேல் ஏறி உட்கார்ந்து மூடிக் காட்டுவார்கள், அவர்கள் இறங்கும்போது பார்க்க வேண்டும்.

8 இன்ச்தான் வேண்டும் என்றால் 1200. திறந்த நிலையில் 72, பாரம் 65. மூட மூன்று, நான்கு கிலோ இழுத்தால் போதும். ஆனால் மூடிய நிலையிலிருந்து தூக்க 21 கிலோ ஆகும். இப்போது 14.

நூல்மில் மீனா | மே 9, இரவு 10.10

அந்த 21தான் உறுத்துகிறது. ராட்டை மாற்றுவதைவிட மெத்தையை யோசிக்கலாம் என்று இன்று இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஒன்று தெரிந்துகொண்டேன். "8 இன்ச் லேடெக்ஸ்" என்று பலகை மாட்டி வைத்திருப்பதில் பாதி முழு லேடெக்ஸ் இல்லை. மேலே 2 இன்ச் லேடெக்ஸ், அடியில் 6 இன்ச் சாதாரண ஃபோம். பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து காட்டச் சொன்னேன், முகம் சுளித்தாலும் காட்டினார்கள். வெள்ளையும் மஞ்சளுமாக இரண்டு அடுக்கு. அது எத்தனை கிலோ வரும்?

இழைப்புளி | மே 10, காலை 6.15

அடியில் இருப்பது 32 அடர்த்தி ஃபோம் என்றால் ஒரு இன்ச்சுக்கு இரண்டரை கிலோகூட வராது. மேலே 13, கீழே 15. மொத்தம் 28 கிலோ, உங்கள் பழைய மெத்தை எடைதான். ராட்டைத் தொடவே வேண்டாம். ஆனால் அடியில் ரீபாண்டட் என்று சொல்லும் பொடி ஃபோம் இருந்தால் கதை வேறு. அது லேடெக்ஸைவிடவும் கனம், இன்ச்சுக்கு ஏழு கிலோ வரும். அதே 8 இன்ச், அதே பெயர்ப் பலகை, 55 கிலோ ஆகிவிடும். அதனால் கடையில் தடிமனைக் கேட்காதீர்கள். எந்த அடுக்கு எத்தனை இன்ச், ஒவ்வொன்றின் அடர்த்தி என்ன என்று கேளுங்கள். அடர்த்தியை அவர்கள் மறைக்க மாட்டார்கள், அதைச் சொல்லித்தான் விலையே ஏற்றுகிறார்கள்.

பாத்திரக்கடை | மே 10, காலை 9.00

ஸ்பிரிங் மெத்தையை யாரும் சொல்லவில்லையே? அது உள்ளே வெறும் காற்றுதான், லேசாக இருக்கும்.

இழைப்புளி | மே 10, காலை 9.30

கம்பிச் சுருளெல்லாம் காற்றில் செய்வதில்லை ஐயா. ஸ்பிரிங் மெத்தைக்கு அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட முடியாது, எடை போட்டே ஆக வேண்டும். கடையிலேயே ஒரு முனையை மெஷின் மேலும் மறுமுனையை அதே உயரச் செங்கல் மேலும் வைத்துப் பார்த்து, வந்ததை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். நடுவில் தொய்ந்து தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூல்மில் மீனா | மே 10, இரவு 9.40

இரண்டு அடுக்கு மெத்தையில் படுத்துப் பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை. இடுப்பு அடி ஃபோமில் இறங்குகிறது. முழு லேடெக்ஸ் 6 இன்ச் சொல்லிவிட்டேன். கணக்குப்படி 39 கிலோ. அதற்கு ராடு எது?

இழைப்புளி | மே 11, காலை 6.10

நான் என்றால் 1200 போடுவேன். தூக்க 14, 15 கிலோ, இப்போது பழகிய அளவே. திறந்தால் மலைபோல் நிற்கும்.

ஓய்வு ஆசிரியர் | மே 11, காலை 8.50

நான் மாற்ற மாட்டேன். 76 கிலோவுக்குத் திறந்த நிலை இழுப்பு, தடிமனைக் கழித்தால், 56க்குப் பக்கம். இருக்கும் ராடு 60 தருகிறது. நிற்கிற ஒன்றை ஏன் கழற்ற வேண்டும்? 1200 போட்டால் மூட எட்டு கிலோ இழுக்க வேண்டும். அந்த அம்மையாருக்கு எட்டுமா?

இழைப்புளி | மே 11, காலை 9.20

நான்கு கிலோ மிச்சத்தை நம்பி உள்ளே தலையை விடச் சொல்கிறீர்களா ஐயா? ராடு நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்காது.

நூல்மில் மீனா | மே 24, இரவு 9.15

மெத்தை வந்தது. உறையோடு எடை போட்டேன், 41. கட்டிலைத் திறந்த நிலையில் வைத்து, பழையதை இறக்கிப் புதியதை ஏற்றினோம். ராடு பழையதுதான். நிற்கிறது, கால்மாட்டை இரண்டு விரலால் தொட்டால் இறங்க ஆரம்பிக்கிறது. மாமியாருக்கு அது பிடித்திருக்கிறது. தூக்க 19 கிலோ என்று கொக்கித் தராசு சொல்கிறது, அது அவருக்குப் பிடிக்கவில்லை. கால்மாட்டில் அகலப் பட்டையில் ஒரு கைப்பிடி தைத்து மாட்டியிருக்கிறேன், குனிந்து விரல் நுழைக்க வேண்டியதில்லை.

அண்ணன் சொன்னதற்காக ஒரு ஏற்பாடு செய்தேன். திறந்தால் உடனே முட்டுக்கொடுக்க, பக்கப் பலகைக்கும் மேல் பலகைக்கும் இடையே நிற்கும்படி ஒரு சவுக்குக் கட்டையை அளவாக வெட்டி உள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன். தகடுகளில் திருகுகளை எடுத்துவிட்டு போல்ட் போட்டாகிவிட்டது.

இழைப்புளி | மே 25, காலை 6.00

முட்டுக்கட்டை இருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். டிசம்பரில் ஒருமுறை திறந்து, கட்டை இல்லாமல் நிற்கிறதா என்று எழுதுங்கள்.

ஓய்வு ஆசிரியர் | மே 25, காலை 9.10

திருப்பூர் டிசம்பரில் ராட்டின் சீட்டு எந்த வெப்பநிலைக்கு எழுதப்பட்டதோ அதற்குக் கீழே பெரிதாகப் போகாது. நிற்கும்.

கொடைவாசி | மே 25, பகல் 2.30

டாப்பரை எடுத்துவிட்டுப் பார்த்தேன், நிற்கிறது. ஆனால் டாப்பர் இல்லாமல் என்னால் தூங்க முடியாது. ராட்டை மாற்றத்தான் வேண்டும். ஒன்று மட்டும் புதிதாகப் போட்டால் போதுமா? பழைய ராட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போடலாமா? எங்கள் கட்டிலில் நாலு கை மடங்கும் மெக்கானிசம், கீலே கண்ணுக்குத் தெரியவில்லை.

இழைப்புளி | மே 25, இரவு 8.15

ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடுக்ககவாசி வீட்டுப் பலகை போல முறுக்கும். உங்கள் மெக்கானிசத்தில் குறுக்களவை நூல் பிடித்து எடுக்க முடியாது. அதனால் டாப்பரை எடை போட்டு, மொத்தப் பாரத்தில் அது எத்தனை சதவீதம் என்று பார்த்து, ராட்டின் எண்ணையும் ஏறக்குறைய அதே சதவீதம் கூட்டுங்கள். நீளமும் முனையில் இருக்கும் குண்டு மூட்டும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கழற்றும் முன் பலகைக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து, ஒன்றைக் கழற்றிப் புதியதை மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

பழைய இரும்புக்காரரிடம் சொல்லாமல் போடாதீர்கள். 10 மில்லிமீட்டர் கம்பி உள்ள 1000 ராடு என்றால் உள்ளே அழுத்தம் கார் டயரைவிட ஐம்பது மடங்குக்கு மேல். அவர் வழக்கம்போல் கேஸ் கட்டரை வைத்துவிடுவார்.

கொடைவாசி | மே 25, இரவு 8.40

சீட்டு கிழிந்துபோயிருக்கிறது. எண்ணில் ஒரு எட்டும் ஒரு சைபரும்தான் தெரிகின்றன. 80ஆ, 800ஆ?

கணக்குப்புலி | மே 25, இரவு 8.45

800. அதாவது 80 கிலோ. ஜோடி 160.